ஒரு வங்கிப் பதிவு, ஒரே ஒரு டிக்

[திரையில்: எக்ஸெல் தாள். B2 முதல் B7 வரை பேரேட்டுத் தொகைகள்: 4000, 2500, 1800, 2500, 950, 2500. E2 முதல் E6 வரை வங்கித் தொகைகள்: 2500, 1800, 4000, 2500, 700]

பேரேட்டையும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் ஒப்பிட்டு, இரண்டிலும் பொருந்தும் தொகைக்கு "சரி" என்று டிக் போட வேண்டும். பேரேட்டில் 2500 மூன்று தடவை இருக்கிறது. வங்கியில் இரண்டு தடவைதான். வங்கியில் அந்தத் தொகை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் மூன்றுக்கும் "சரி" விழுந்துவிடும். வங்கிக்கு வராத ஒரு 2500 அப்படியே மறைந்துவிடும். ரொம்பப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்த வரியில் இருப்பது எத்தனையாவது 2500? வங்கியில் மொத்தம் எத்தனை 2500?

[திரையில்: C2-இல் ஃபார்முலா]

```
=IF(COUNTIF(B$2:B2,B2)<=COUNTIF(E$2:E$6,B2),"சரி","")
```

முதல் பாதியைக் கவனியுங்கள். B$2:B2 என்பதில் ஆரம்பத்துக்கு மட்டும்தான் டாலர் குறி. ஃபார்முலாவைக் கீழே இழுக்க இழுக்க, மூன்றாவது வரியில் B$2:B3, ஐந்தாவதில் B$2:B5 என்று வீச்சு நீளும். அதனால் 2500-க்கு மூன்றாம் வரியில் 1, ஐந்தாம் வரியில் 2, ஏழாம் வரியில் 3 வரும். வங்கியில் இருப்பது 2. முதல் இரண்டுக்கு டிக், ஏழாம் வரி காலி. 950 வங்கியிலேயே இல்லை, அதுவும் காலி.

இரண்டு முனைக்கும் டாலர் போட்டுவிட்டால் எல்லா வரியிலும் 3 என்றே வரும். ஒரு 2500-க்கும் டிக் விழாது. அப்படித் தெரிந்தால் அந்த டாலரைத்தான் முதலில் பாருங்கள்.

வங்கிப் பக்கத்துக்கு இதையே திருப்பிப் போடலாம், F2-இல்:

```
=IF(COUNTIF(E$2:E2,E2)<=COUNTIF(B$2:B$7,E2),"சரி","")
```

இங்கே 700 மட்டும் காலியாக நிற்கும். வங்கி பிடித்த கட்டணமாக இருக்கலாம், பேரேட்டில் இன்னும் எழுதியிருக்க மாட்டார்கள்.

சரி, போட்டது சரியா என்று எப்படித் தெரியும்? டிக் விழுந்தவற்றை மட்டும் இரண்டு பக்கமும் கூட்டுங்கள்.

```
=SUMIF(C2:C7,"சரி",B2:B7)
=SUMIF(F2:F6,"சரி",E2:E6)
```

இரண்டும் 10800. பழைய முறையில் பேரேட்டுப் பக்கம் 13300 வந்திருக்கும், சரியாக 2500 அதிகம்.

தொகை கணக்குப் போட்டு வந்ததாக இருந்தால், வரி சேர்த்த பில் மாதிரி, கண்ணுக்குத் தெரியாத தசமம் ஒட்டியிருக்கும். பக்கத்துப் பத்தியில் ROUND(B2,2) போட்டு அதை ஒப்பிடுங்கள். அப்புறம், உங்கள் பேரேட்டில் பற்றாக இருப்பது வங்கிக்கு வரவு. வந்த பணம் கூட்டல், போன பணம் கழித்தல் என்று இரண்டு பக்கமும் ஒரே குறிக்குக் கொண்டுவந்த பிறகே ஆரம்பியுங்கள்.

[திரையில்: ஏழாம் வரி மஞ்சள் நிறத்தில்]

ஒன்று முக்கியம். ஏழாம் வரி காலியாக நிற்பது அது கடைசியில் வருவதால்தான். ஒரு 2500 குறைகிறது என்பது உறுதி. எந்த 2500 என்பதைத் தொகை சொல்லாது. மூன்றாம் வரியின் செக்கே இன்னும் வங்கிக்குப் போகாமல் இருக்கலாம். செக் எண் இரண்டு பக்கமும் இருந்தால் COUNTIFS-இல் அதையும் சேருங்கள். இல்லையென்றால் அந்த மூன்று வரிகளின் வவுச்சரையும் எடுத்து, கையால் பார்த்துத்தான் ஆக வேண்டும்.