ஒரே கேள்வி, ஐந்து வழிகள்

வணக்கம். ஆய்வேடு எழுதிய யாரைக் கேட்டாலும் மூன்றாம் இயல்தான் படுத்தி எடுத்தது என்பார்கள். ஆய்வுமுறை இயல். முதல் இயலில் சிக்கலைச் சொல்லிவிடலாம், இரண்டாவதில் மற்றவர்கள் எழுதியதைத் தொகுத்துவிடலாம். மூன்றாவதில்தான் 'நான் என்ன செய்தேன், ஏன் அப்படிச் செய்தேன்' என்று சொல்ல வேண்டும். அதிலும் எண்ணிக்கை இல்லாத ஆய்வு என்றால், நேர்காணலையும் நேரில் பார்த்ததையும் வைத்துச் செய்கிற பண்புசார் ஆய்வு என்றால், அங்கே ஒரு பெயர் போட்டாக வேண்டும். நிகழ்வியல், கிரவுண்டட் தியரி, இனவரைவியல், கேஸ் ஸ்டடி, கதையாடல் ஆய்வு. பாடநூல்கள் பெரும்பாலும் இந்த ஐந்தைத்தான் வரிசையாக வைக்கின்றன.

இந்தப் பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. பல வருடங்களாக ஆய்வேடுகளைப் படித்து மதிப்பிடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலான குழப்பம் முதல் இரண்டுக்கும் நடுவில்தான் நடக்கிறது. நிகழ்வியலா, கிரவுண்டட் தியரியா? முதலாவது ஒரு அனுபவத்தின் சாரத்தைத் தேடுவது, மற்றது ஒரு போக்கை விளக்கும் கோட்பாட்டைத் தரவிலிருந்தே கட்டி எழுப்புவது. அதனால் அந்த இரண்டிலும் கொஞ்சம் அதிக நேரம் நிற்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஆய்வேடு என்னிடம் வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்திலேயே பணியை விட்டுப் போகும் செவிலியர்களைப் பற்றியது. ஆய்வு செய்த பெண்ணும் முன்பு செவிலியராக இருந்தவர்தான். பதினான்கு பேரைச் சந்தித்து நீளமாகப் பேசியிருந்தார். மூன்றாம் இயலில் 'இது ஒரு நிகழ்வியல் ஆய்வு' என்று எழுதி, நிகழ்வியலைத் தொடங்கிய ஹுஸ்ஸெர்ல் என்ற ஜெர்மன் தத்துவவாதியைப் பற்றி ஐந்தாறு பக்கம். நான்காம் இயலைத் திருப்பினால் 'விலகலின் நான்கு கட்டங்கள்' என்று தலைப்பு. முதலில் களைப்பு, பிறகு மற்ற வேலைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது, பிறகு ரகசியமாக வேறு இடம் தேடுவது, கடைசியில் வீட்டில் சொல்வது.

எனக்கு அங்கேயே தட்டியது. கட்டம் என்று வந்துவிட்டால் அது ஒரு போக்கு. ஒன்றிலிருந்து இன்னொன்று எப்படி நகர்கிறது என்ற கதை. நிகழ்வியல் கேட்பது வேறு. ஒரு அனுபவத்தை வாழ்ந்தவர்களுக்கு அது எப்படி இருந்தது, அந்த அனுபவத்தின் சாரம் என்ன என்றுதான் அது கேட்கும்.

வாய்மொழித் தேர்வில் அவரிடம், "உங்களுக்கு மறக்கவே முடியாத ஒரு வரியைச் சொல்லுங்கள்" என்றேன். யோசிக்கவே இல்லை அவர். ஒரு செவிலியர் இப்படிச் சொன்னாராம்: "நான் வேலையை விட்டது கடிதம் கொடுத்த அன்றைக்கு இல்லை. அதற்கு மூன்று மாதம் முன்னாடி, ஒருநாள் காலையில் சீருடையை இஸ்திரி போடாமல் அப்படியே மாட்டிக்கொண்டு போனேன். அன்றைக்கே விட்டுவிட்டேன்."

இந்த வரி ஆய்வேட்டில் எங்கே இருந்தது தெரியுமா? இரண்டாம் கட்டத்தில், ஒப்பிட்டுப் பார்ப்பது என்ற துணைத்தலைப்புக்குக் கீழே, நான்கு மேற்கோள்களில் ஒன்றாக. நிஜமாகவே நிகழ்வியல் ஆய்வு என்றால் இந்த ஒரு வரியிலேயே பல வாரம் உட்கார்ந்திருக்க வேண்டும். இடத்தில் இருந்துகொண்டே இல்லாமல் போவது என்றால் என்ன? உடம்பு அதை எப்படித் தெரிந்துகொள்கிறது? மற்றவர்கள் சொன்னதிலும் இப்படி ஒரு நாள் ஒளிந்திருக்கிறதா? தேவைப்பட்டால் அதே ஆளிடம் திரும்பப் போய், "அந்தக் காலையைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள், கையில் சீருடையை எடுத்தபோது என்ன நடந்தது" என்று கேட்க வேண்டும். ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் விளக்கம்தான் கிடைக்கும், அனுபவம் கிடைக்காது. ஐந்தாறு பேரோடுகூட இந்த ஆய்வைச் செய்யலாம். ஆனால் எல்லோரும் அந்த அனுபவத்தைத் தாங்களே வாழ்ந்தவர்களாக இருக்க வேண்டும்.

இன்னொன்றும் செய்ய வேண்டும். ஆய்வாளர் தன் சொந்த அனுபவத்தை முதலிலேயே எழுதித் தனியே எடுத்து வைக்க வேண்டும். ஹுஸ்ஸெர்ல் சொன்ன 'அடைப்புக்குள் போடுவது' என்பதை இன்றைய ஆய்வாளர்கள் நடைமுறையில் இப்படித்தான் செய்கிறார்கள். இவர் தானே செவிலியராக இருந்தவர் அல்லவா? அவர் பார்த்ததும் பட்டதும் கேள்விகளுக்குள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு ஆய்வேட்டில் ஒரு பத்திகூட இல்லை. தத்துவம் ஐந்து பக்கம் இருந்தது, அதைச் செய்து பார்த்ததற்கான தடயம் எங்கேயும் இல்லை.

சரி, அப்படியானால் அது கிரவுண்டட் தியரியா? அவருடைய ஆய்வுக் கேள்வி என்ன என்று முதல் இயலில் போய்ப் பார்த்தேன். 'புதிய செவிலியர்கள் பணியை விடும் முடிவுக்கு எப்படி வருகிறார்கள்?' எப்படி வருகிறார்கள் என்றால் போக்கு. கேள்வி கிரவுண்டட் தியரிக்கு உரியது, சந்தேகமே இல்லை. ஆனால் செய்த வேலை அதுவும் இல்லை. ஏன் என்று சொல்ல, அந்த முறையை உருவாக்கியவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த கதை இது.

கிளேசர், ஸ்ட்ராஸ் என்று இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள். 1960களில் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கத்து மருத்துவமனைகளில், இறந்துகொண்டிருக்கும் நோயாளிகளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று கவனித்தார்கள். யாருக்கு என்ன தெரியும் என்பதுதான் அவர்களைப் பிடித்துக்கொண்ட விஷயம். எல்லோருக்கும் தெரியும், நோயாளிக்கு மட்டும் தெரியாது, அது ஒரு நிலை. நோயாளி சந்தேகப்படுகிறார், அது இன்னொன்று. இரண்டு பக்கமும் தெரிந்தும் தெரியாததுபோல் நடிக்கிறார்கள். கடைசியாக, வெளிப்படையாகப் பேசிக்கொள்கிறார்கள். இப்படி நான்கு நிலைகள். நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்தில் நின்ற யாருக்கும் இது புரியும்.

ஆனால் நான் சொல்ல வந்தது அவர்கள் வார்டுகளைத் தேர்ந்தெடுத்த விதம். முதலில் குறைமாதக் குழந்தைகள் வார்டு, அப்புறம் நினைவிழந்தவர்கள் அதிகம் இருந்த நரம்பு அறுவைப் பிரிவு. நோயாளிக்குத் தன் நிலை தெரிய வாய்ப்பே இல்லாத இடங்கள். அங்கே பார்த்ததை வைத்து, 'தெரிய வாய்ப்பிருந்தால் என்ன ஆகும், சாவு வேகமாக வந்தால் என்ன ஆகும்' என்று கேட்டுக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள். மெதுவாக வந்தால்? புற்றுநோய் வார்டு. எதிர்பாராமல் வந்தால்? அவசர சிகிச்சைப் பிரிவு. ஒவ்வொரு அடியையும் அதற்கு முன்பு கிடைத்தது தீர்மானிக்கிறது. 1967-இல் இந்த முறையை விளக்கித் தனியாக ஒரு புத்தகமே எழுதினார்கள்.

அதாவது தரவு சேகரிப்பதும் அலசுவதும் மாறி மாறி நடக்க வேண்டும். இரண்டு மூன்று நேர்காணல், உடனே வரிவரியாகக் கோடிங், அதாவது ஒவ்வொரு வரியிலும் நடப்பதற்கு ஒரு சிறு பெயர் கொடுப்பது, தோன்றுவதைக் குறிப்பாக எழுதுவது, அந்தக் குறிப்பில் எந்த இடம் ஓட்டையாக இருக்கிறதோ அதை நிரப்பக்கூடிய ஆளைத் தேடிப் போவது. புதிதாக ஒருவரிடம் பேசியும் கோட்பாட்டின் வகைகளில் புதிதாக எதுவும் சேரவில்லை என்று வரும்போது நிறுத்துவது. எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. இருபது முப்பது என்று நூல்களில் போடுவார்கள், அதை ஒரு கணிப்பாக எடுத்துக்கொண்டால் போதும்.

மறுபடியும் நம் ஆய்வேட்டுக்கு வருகிறேன். அந்தப் பதினான்கு நேர்காணலும் மூன்றே வாரத்தில் முடிந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் கோடிங்கையே தொடங்கியிருக்கிறார். யாரைப் பார்க்க வேண்டும் என்ற பட்டியல் முதல் நாளிலேயே தயார். பதினான்கு பேரும் வேலையை விட்டவர்கள். நான் கேட்டேன்: "ராஜினாமா கடிதம் எழுதிவிட்டு அதைக் கிழித்துப் போட்டவர் யாரையாவது பார்த்தீர்களா?" அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அவர்களைத்தான் முதலில் தேடிப் போயிருக்க வேண்டும்" என்றார். அவரே சொன்னார், நான் சொல்லவில்லை. விடுவதற்கு முந்தைய கட்டங்கள் விடாதவர்களுக்கும் இருந்திருந்தால், அந்தக் கட்டங்கள் விலகலை விளக்கவில்லை என்றுதானே ஆகும்?

பிறகு நான்கு பேரைத் தேடிப் பிடித்தார். நால்வருக்கும் களைப்பு இருந்தது, ஒப்பீடு இருந்தது, மூன்று பேர் ரகசியமாக வேறு வேலைகூடத் தேடியிருக்கிறார்கள். அவர்களை நிறுத்தியது, மூத்தவர் ஒருவர் கவனித்துத் தானாகவே முன்வந்து ஷிப்டை மாற்றிக் கொடுத்தது. அதற்குப் பிறகு நான்கு கட்டம் என்ற படம் மாறி, யாராவது கவனித்தார்களா இல்லையா என்பதே மையமாக வந்து நின்றது. ஆனாலும் அதைக் கிரவுண்டட் தியரி என்று அழைக்கவில்லை. பண்புசார் விவரிப்பு ஆய்வு, கருப்பொருள் பகுப்பாய்வு என்று செய்ததைச் செய்தபடியே எழுதினார். ஹுஸ்ஸெர்ல் போய்விட்டார். அந்த இயல் பாதியாகச் சுருங்கியது, ஆனால் ஒவ்வொரு வரியும் அவர் செய்த வேலை.

நேயர்களில் ஆய்வு செய்கிறவர்கள் இருந்தால் இதை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். நான்காம் இயலில் கட்டம், படிநிலை, காரணி என்று வந்தால் நிகழ்வியல் என்ற பெயர் பொருந்தாது. மூன்றாம் இயலில் நேர்காணல் எல்லாம் முடிந்த பிறகு பகுப்பாய்வு தொடங்கியது என்று இருந்தால் கிரவுண்டட் தியரி என்ற பெயர் பொருந்தாது. இந்த இரண்டு இடத்தையும்தான் நான் முதலில் திருப்பிப் பார்ப்பேன்.

கடிகாரம் ஓடிவிட்டது. மீதி மூன்றையும் அதே செவிலியர்களை வைத்தே வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

இனவரைவியல், மனிதர்கள் வாயால் சொல்ல முடியாததற்கு. ஷிப்ட் மாறும்போது நோயாளிகளின் விவரத்தை ஒப்படைப்பார்கள் அல்லவா? எப்படி நடக்கிறது என்று கேட்டால் நன்றாக நடக்கிறது என்பார்கள். பக்கத்தில் நின்று பல வாரம் பார்த்தால்தான், புதிதாக வந்தவர் கேள்வி கேட்க வாயெடுக்கும்போதே பெரியவர்கள் நகர்ந்துவிடுவது தெரியும். மலினோவ்ஸ்கி என்ற மானிடவியலாளர் முதல் உலகப்போர் சமயத்தில் நியூ கினி பக்கத்து ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் போய்த் தங்கி, அந்த மக்களின் மொழியிலேயே பேசிப் பழகியது இதற்காகத்தான். இரண்டு நாள் பார்த்துவிட்டு இந்தப் பெயரைப் போடக் கூடாது.

கேஸ் ஸ்டடிக்கு எல்லை வேண்டும். ஒரு மருத்துவமனை, ஒரு வார்டு, இந்த மாதத்திலிருந்து அந்த மாதம் வரை என்று கோடு போட வேண்டும். அதற்குள் நேர்காணல் மட்டும் போதாது, பணிப்பட்டியல், கூட்டக் குறிப்பு, விடுப்புப் பதிவேடு எல்லாம் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்க வேண்டும். ஆட்கள் குறைவு என்பதால் மட்டும் ஒரு ஆய்வு கேஸ் ஸ்டடி ஆகிவிடாது, இதைத்தான் அடிக்கடிப் பார்க்கிறேன்.

கதையாடல் ஆய்வைப் பற்றி இன்னும் நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள். ஒரே ஒருவர் போதும் அதற்கு. அந்தச் சீருடைக்காரர் ஒருவரையே எடுத்துக்கொண்டு, செவிலியர் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் காலை வரைக்கும் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதலாம். அவர் பேச்சைத் துண்டு துண்டாக வெட்டி மற்றவர்களுடைய துண்டுகளோடு ஒரே தலைப்பில் அடுக்கினால், அது கதையாடல் ஆய்வு இல்லை. நன்றி, வணக்கம்.