y[-1] பூஜ்யமா இல்லைன்னா? ஒன்-சைடட் இசட் ட்ரான்ஸ்ஃபார்ம்ல டிஃபரன்ஸ் ஈக்வேஷன் போடுறது

வணக்கம், இன்னிக்கு ஒரே ஒரு கணக்கு, ஆனா முழுசா போடப் போறோம்.

[திரையில்]
y[n] - (5/6) y[n-1] + (1/6) y[n-2] = u[n]
y[-1] = 6, y[-2] = 0

இன்புட் யூனிட் ஸ்டெப், அது n = 0-ல தான் ஆரம்பிக்குது. ஆனா அதுக்கு முன்னாடியே சிஸ்டம் சும்மா இல்ல, y[-1]-ல 6 உக்காந்திருக்கு. இத ட்ரான்ஸ்ஃபர் ஃபங்ஷன் H(z) எழுதி X(z)-ஆல பெருக்கி முடிச்சிட்டா அந்த 6 எங்கயுமே வராது, ஏன்னா H(z)-ங்கிறதே பழசெல்லாம் பூஜ்யம்னு வச்சுகிட்டு எழுதுறது தான். அதனால ஈக்வேஷனையே நேரா ட்ரான்ஸ்ஃபார்ம் பண்ணணும்.

இந்த கணக்கோட உயிரே டிலே ரூல்ல தான் இருக்கு, இங்க கொஞ்சம் நிதானமா பாருங்க. ஒன்-சைடட்னா n = 0-ல இருந்து மட்டும் கூட்டுறோம். y[n-2]-ங்கிற வரிசைய எழுதிப் பாருங்க, n = 0-ல அதோட மதிப்பு y[-2], n = 1-ல y[-1], n = 2-ல தான் y[0] வருது. அதாவது ரெண்டு இடம் வலது பக்கம் தள்ளினதும், பூஜ்யத்துக்கு இடது பக்கம் ஒளிஞ்சிருந்த ரெண்டு சாம்பிளும் கணக்குக்குள்ள வந்துடுது. ஒவ்வொண்ணையும் அது நிக்கிற இடத்தோட z பவரால பெருக்கினா,

[திரையில்]
y[n-1] → z^-1 Y(z) + y[-1]
y[n-2] → z^-2 Y(z) + y[-1] z^-1 + y[-2]

ரெண்டாவது வரியில z^-1 யார் கூட ஒட்டிக்குதுன்னு பாத்துக்கோங்க, y[-1] கூட. y[-2] தனியா நிக்குது. நிறைய பேர் இத மாத்திப் போட்டுடுறாங்க, "-2 தானே, அதுக்குத் தான் z வரணும்"னு தோணும், ஆனா n = 0-ல நிக்கிறது y[-2], அதுக்கு z^0 தான்.

இப்ப நம்ம எண்களப் போடலாம். முதல் டிலேல இருந்து -(5/6)·6 = -5, ரெண்டாவதுல இருந்து (1/6)·6 z^-1 = z^-1. ரெண்டையும் வலது பக்கம் கொண்டு போறப்ப சைன் மாறும், இங்கயும் ஜாக்கிரதை.

[திரையில்]
(1 - (5/6) z^-1 + (1/6) z^-2) Y(z) = (5 - z^-1) + 1/(1 - z^-1)

வலது பக்கம் பாருங்க, எவ்ளோ அழகா ரெண்டா பிரிஞ்சு நிக்குது! (5 - z^-1) முழுக்க பழைய மதிப்புகளால வந்தது, அடுத்தது முழுக்க இன்புட்டால வந்தது. ரெண்டையும் இப்பவே சேத்து ஒரே பின்னமா ஆக்கிடாதீங்க, தனித்தனியா வச்சா தப்பு எந்தப் பக்கம்னு சுலபமா தெரிஞ்சிடும்.

இடது பக்கம் இருக்கிறது (1 - (1/2) z^-1)(1 - (1/3) z^-1)-னு ஃபேக்டர் ஆகும். பார்ஷியல் ஃபிராக்ஷன் போடுறது உங்களுக்குத் தெரியும், ஒண்ணு மட்டும் காட்டுறேன்: (5 - z^-1) பகுதியில 1/2-க்கான கெழு வேணும்னா z^-1 = 2 போடுங்க, மேல 3, கீழ மிச்சம் இருக்கிற ஃபேக்டர் 1 - 2/3 = 1/3, ஆக 9. இதே மாதிரி மத்ததும்.

[திரையில்]
ஜீரோ-இன்புட்: 9(1/2)^n - 4(1/3)^n
ஜீரோ-ஸ்டேட்: 3 - 3(1/2)^n + (1/3)^n
மொத்தம்: y[n] = 3 + 6(1/2)^n - 3(1/3)^n, n ≥ 0

பழைய 6-ஓட தாக்கம் போகப்போக தேஞ்சு போயிடும், ரெண்டு போலும் யூனிட் சர்க்கிளுக்குள்ள இருக்கிறதால. கடைசியில 3 மட்டும் நிக்கும். ஒரு போல் வெளிய இருந்திருந்தா அந்தப் பழைய மதிப்பு தேயாம வளந்துகிட்டே போயிருக்கும்.

சரி, விடை சரியான்னு எப்படிப் பாக்கிறது? ஈக்வேஷன்லயே நேரா போடுங்க. y[0] = (5/6)·6 - (1/6)·0 + 1 = 6. ஃபார்முலா 3 + 6 - 3 = 6. y[1] = (5/6)·6 - (1/6)·6 + 1 = 5. ஃபார்முலா 3 + 3 - 1 = 5. பொருந்துது. z^-1-ஐ தப்பான ஆள் கூட ஒட்டியிருந்தா (5 - z^-1) இருக்கிற இடத்துல வெறும் 4 வந்திருக்கும், y[0] 5-னு வந்து முதல் வரியிலயே காட்டிக் கொடுத்திருக்கும்.

இன்னொரு செக் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஜீரோ-இன்புட் பகுதியில n = -1 போடுங்க, 18 - 12 = 6. n = -2 போடுங்க, 36 - 36 = 0. நம்ம கொடுத்த இனிஷியல் கண்டிஷன் அப்படியே திரும்பி வருது பாருங்க. இன்புட் இல்லாத அந்தப் பகுதி பின்னாடி போனாலும் அதே ஈக்வேஷனுக்குக் கட்டுப்பட்டது, அதனால தான். ஜீரோ-ஸ்டேட்டுக்கு மட்டும் n = 0-ல இருந்து ரிகர்ஷன் போட்டே பாருங்க.