எண்பது சதவீதம் முடிந்தது என்று பட்டை சொன்ன நாள்

வணக்கம். இன்று திரையில் திறந்து வைத்திருப்பது எங்கள் குறிப்பேடு செயலியின் கிட்ஹப் பக்கம். மூன்று பேர் சேர்ந்து எழுதும் சிறிய செயலி. இதன் 2.4 பதிப்பை அக்டோபர் 20 அன்று வெளியிடுவதாகப் பயனர்களுக்குச் சொல்லியிருந்தோம். அது எப்படித் தள்ளிப்போனது என்பதைக் காட்டப்போகிறேன்.

இது மைல்கல் பக்கம், ஒரு பதிப்புக்கான பணிகளையெல்லாம் ஒரு தேதியின் கீழ் தொகுத்து வைப்பது. பெயர் 2.4, Due date அக்டோபர் 20. அதன் கீழ் பதினைந்து பணிகள். அக்டோபர் 14 அன்று பன்னிரண்டு முடிந்திருந்தன, முன்னேற்றப் பட்டை 80% என்று காட்டியது. ஆறு நாள் இருக்கிறது, மூன்று பணிதானே என்று நிம்மதியாக இருந்துவிட்டேன். அந்தப் பட்டை பணிகளின் எண்ணிக்கையை மட்டும்தான் பார்க்கிறது. ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதும் ஒன்று, பத்து நாள் வேலையும் ஒன்று. செய்யப்போவதில்லை என்று மூடிய பணியும் முடிந்த கணக்கில்தான் சேரும்.

மிச்சமிருந்த மூன்றில் இரண்டு சின்னத் திருத்தங்கள். மூன்றாவது, பயனர்களின் பழைய குறிப்புகளைப் புதிய கோப்பு வடிவத்துக்கு மாற்றுவது. வேலையின் பெரும்பகுதி அந்த ஒன்றில்தான் இருந்தது.

இப்போது அதே பணிகளை Projects பகுதியின் Roadmap காட்சியில் பாருங்கள். ஒவ்வொரு பணிக்கும் தொடக்க நாள், முடிவு நாள் என்று இரண்டு புலங்கள் கொடுத்தால் அது கிடைக்கோட்டில் ஒரு பட்டையாக நீளும். மேலே Markers என்பதைத் திறந்து Milestones என்பதை இயக்கினால், 2.4-இன் தேதியில் ஒரு செங்குத்துக் கோடு விழும். இதோ, கோப்பு வடிவப் பணி 13-ஆம் தேதி தொடங்கி 24 வரை போகிறது. கோட்டைத் தாண்டி நான்கு நாள். இது அன்றைக்கே இங்கே இருந்தது, நான்தான் இந்தக் காட்சியைத் திறக்கவில்லை.

ஏன் எந்த எச்சரிக்கையும் வரவில்லை என்று கேட்பீர்கள். மைல்கல்லின் தேதி வேறு, பணிக்கு நாம் கொடுக்கும் முடிவு நாள் வேறு. ஒன்றை மாற்றினால் மற்றொன்று நகராது. பட்டை கோட்டைத் தாண்டுகிறதா என்று கண்ணால்தான் பார்க்க வேண்டும். இப்போது வாரத்துக்கு ஒருமுறை இந்தக் கோட்டை மட்டும் பார்க்கிறேன், ஐந்து நிமிடம் போதும்.

தாண்டுகிறது என்று தெரிந்தால் இரண்டே வழி: தேதியைத் தள்ளுவது, அல்லது பணியை அடுத்த பதிப்புக்கு அனுப்புவது. நான் முதலில் பணியை அனுப்பத்தான் பார்ப்பேன், தேதியை நம்பிப் பயனர்கள் காத்திருக்கிறார்கள் அல்லவா? ஆனால் எங்களால் அதைச் செய்ய முடியவில்லை. முடிந்தவை என்று மூடியிருந்த பன்னிரண்டில் தேடல் வசதியும் ஒன்று, அது புதிய கோப்பு வடிவத்தை நம்பி எழுதப்பட்டது. வடிவம் வராமல் தேடல் வேலை செய்யாது. ஆகவே 20-ஆம் தேதியைக் கைவிட்டு, 25 அன்று வெளியிட்டோம். அதன்பின் ஒரு பணி வேறொன்றைச் சார்ந்திருந்தால் அதன் எண்ணை விளக்கத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுகிறோம். நகர்த்தும்போது எது கூடவே நகர வேண்டும் என்று உடனே தெரிகிறது.

கட்டளை வரியில் வேலை செய்பவர்களுக்கு கிட்ஹப்பின் gh கருவியில் இந்த இரண்டு கட்டளைகள் போதும். முதலாவது, எந்தப் பதிப்பிலும் சேராமல் அநாதையாகக் கிடக்கும் பணிகளைக் காட்டும். இரண்டாவது, 41-ஆம் பணியை 2.5-க்கு மாற்றும்.

```
gh issue list --search "no:milestone"
gh issue edit 41 --milestone "2.5"
```

ஒரு பணி ஒரு மைல்கல்லில்தான் இருக்க முடியும். ஒரே பிழையை 2.3.1-இலும் 2.4-இலும் திருத்த வேண்டுமென்றால் இரண்டு பணிகளாகவே எழுதுங்கள். ஒன்றை மூடியதும் மற்றதும் முடிந்துவிட்டதாக நினைக்கும் குழப்பம் வராது.

கடைசியாக, வெளியீட்டு நாள். மைல்கல்லை மூடும் பொத்தானை அழுத்தும் முன் அதில் திறந்த பணி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். மைல்கல்லை மூடினால் பணிகள் மூடப்படுவதில்லை, திறந்தபடியே மூடிய மைல்கல்லுக்குள் கிடக்கும். 2.2-ஐ மூடியபோது எங்களுக்கு அப்படி இரண்டு பணிகள் விடுபட்டன. மைல்கல் இருப்பதால் முதல் கட்டளையிலும் அவை தென்படவில்லை. மூன்று மாதம் கழித்து ஒரு பயனர் அதே பிழையை மறுபடி எழுதி அனுப்பியபோதுதான் கண்டுபிடித்தோம்.