இரண்டு குழாய்கள், ஒன்பது சமையலறைகள்

நண்பர்களே, ஒரு தண்ணீர்க் குழாயிலிருந்து ஆரம்பிக்கிறேன். 1914 டிசம்பர், முதல் உலகப் போர் நடக்கிறது. இங்கிலாந்தின் தென்கரையில் பிரைட்டன் நகரம். பிரான்ஸ் போர்முனையில் காயம்பட்ட இந்தியச் சிப்பாய்களுக்காக, அங்கிருந்த ராயல் பெவிலியன் என்ற பழைய அரண்மனையை மருத்துவமனையாக மாற்றியிருந்தார்கள். அதன் வார்டுகளில் குடிதண்ணீருக்கு இரண்டு குழாய்கள் வைத்தார்கள். ஒன்று இந்துக்களுக்கு, மற்றொன்று முஸ்லிம்களுக்கு. அறிவிப்புகளை உருது, இந்தி, குர்முகி எழுத்துகளில் ஒட்டினார்கள். காலில் குண்டுபட்டுக் கிடக்கிறவனுக்கு முதலில் தேவை மருந்துதானே, இதெல்லாம் எதற்கு என்று நமக்குத் தோன்றலாம்.

வெள்ளை அதிகாரிகளுக்கு நம் மதங்கள் மேல் வந்த பாசம் என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள். அந்தப் பாடத்தை முதலில் கற்பித்த ஊர் நம் வேலூர். மதராஸ் ராணுவத்தில் சிப்பாய்கள் நெற்றியில் சாதி, சமயக் குறி இடக் கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை மழிக்க வேண்டும், தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதன் பலன் 1806 ஜூலை 10 விடியலில் வேலூர்க் கோட்டையில் தெரிந்தது. அப்புறம் 1857இல் கொழுப்பு தடவிய தோட்டா. சிப்பாயின் சாப்பாட்டிலும் உடலிலும் கைவைத்தால் பட்டாளமே கைவிட்டுப் போகும் என்பது அவர்களுக்கு நன்றாகப் புரிந்திருந்தது.

சரி, சிப்பாய்களின் மதக் காரியங்களைக் கவனிக்க ராணுவத்தில் அப்போது சாப்ளின் ஏற்பாடு எப்படி இருந்தது? சாப்ளின் என்றால் படைப்பிரிவோடு கூடவே போகும் பாதிரியார். பிரிட்டிஷ் ராணுவத்தில் அவர்களுக்கென்று தனித்துறை 1796இலேயே வந்துவிட்டது. அதிகாரிப் பதவி, சீருடை எல்லாம் உண்டு. ஆங்கிலிக்கன் சபையில் தொடங்கி, பிரஸ்பிட்டீரியன், கத்தோலிக்கர், மெதடிஸ்ட் என்று ஒவ்வொரு சபையாக உள்ளே வந்தது. 1892இல் யூதர்களுக்கும் ஒரு குரு கிடைத்தார். நம் சிப்பாய்களின் படைப்பிரிவுகளிலோ சீக்கியருக்கு வேதநூல் ஓதும் ஒரு கிரந்தி, இந்துக்களுக்கு ஒரு பண்டிதர், முஸ்லிம்களுக்கு ஒரு மௌல்வி இருந்தார்கள். புதிதாகச் சேர்ந்த சீக்கியன் தன் வேதநூலான குரு கிரந்த சாகிபின் முன்னால் உறுதிமொழி எடுப்பான். அந்தக் கிரந்தி பாதிரியாரைப் போல அரசரின் ஆணை பெற்ற அதிகாரி இல்லை. ஆனால் சிப்பாய்க்கு அவர் தன் ஊர்க்காரர், தன் பாஷை பேசுகிறவர். ஆறுதல் சொல்ல அது போதும்.

பிரைட்டனுக்குத் திரும்புவோம். அங்கே எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு சமையல்தான். ஒன்பது சமையலறைகள். அடிப்படையில் மூன்று வகைச் சாப்பாடு: முஸ்லிம்களுக்கு ஒன்று, கறி சாப்பிடும் இந்துக்களுக்கும் சீக்கியர்களுக்கும் ஒன்று, சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. ஆட்டை அறுப்பதிலும் இரண்டு வழி. முஸ்லிம்களுக்கு இறைவன் பெயரைச் சொல்லி அறுத்த ஹலால் கறி. சீக்கியர்களுக்கு ஒரே வெட்டில் தலை விழும் ஜட்கா கறி. ஒருவருக்கு ஆனது மற்றவருக்கு ஆகாது. அந்தந்த மதத்து ஆளே வெட்ட வேண்டும், அந்தந்த மதத்து ஆளே சமைக்க வேண்டும்.

இதையெல்லாம் சரியாக நடக்கிறதா என்று பார்த்தது யார்? சிப்பாய்களிலிருந்தே ஆட்களை எடுத்துக் குழுக்கள் அமைத்தார்கள். எது கூடும், எது கூடாது என்று அவர்களே சொன்னார்கள். ஒரு கர்னல் வந்து ‘இது சுத்தமான கறி, சாப்பிடு’ என்றால் எவன் நம்புவான்? பக்கத்துக் கட்டில்காரன் ‘நான் பார்த்தேன், சாப்பிடு’ என்றால் பேச்சே இல்லை. புல்வெளியில் கூடாரம் போட்டுச் சீக்கியருக்குக் குருத்வாரா ஆக்கினார்கள். முஸ்லிம்கள் மக்காவை நோக்கித் தொழ இன்னொரு பக்கம் இடம் விட்டார்கள். மதப்பிரசாரத்துக்கு மட்டும் கண்டிப்பாகத் தடை.

மதச் சட்டம் என்றால் வளையாதது என்று நினைக்காதீர்கள். 1915இல் ரம்ஜான் மாதம் ஜூலை நடுவில் பிறந்தது. வட பிரான்சில் அப்போது பகல் மட்டுமே ஏறக்குறைய பதினாறு மணி நேரம், நோன்பு அதற்கும் முன்னால் விடியலிலேயே ஆரம்பமாகிவிடும். பதுங்குகுழியில் இருக்கிறவன் என்ன செய்வான்? நோயாளிக்கும் பயணத்தில் இருப்பவனுக்கும் நோன்பைத் தள்ளிவைத்துப் பிறகு நோற்கலாம் என்று குர்ஆனிலேயே இருக்கிறது. அதை எடுத்துச் சொல்லி மனத்தைத் தேற்றுவதுதான் மௌல்வியின் வேலை. கூர்க்காக்களின் சிக்கல் வேறு. கடல் தாண்டினால் சாதி போய்விடும், ஊரில் யாரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். அதற்குப் ‘பானி பதியா’ என்று ஒரு சடங்கு உண்டு. போரிலிருந்து திரும்பியவனுக்கு அதைச் செய்து, நேபாள ராஜகுருவின் அனுமதியோடு மறுபடி வீட்டுப் பந்தியில் உட்கார வைத்தார்கள். துப்பாக்கிக்குப் பயப்படாதவன், ஊர் தன்னை ஒதுக்கிவிடுமோ என்று பயந்தான்.

உயிரோடு இருக்கும்வரை எதையாவது சமாளிக்கலாம். செத்தால்? கட்டிலில் கிடந்தவர்களைக் குடைந்த கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். இந்து, சீக்கியச் சிப்பாய்களை நகருக்கு வெளியே பாட்சம் என்ற இடத்தில், ஆளரவமற்ற புல்மேட்டில் தகனம் செய்தார்கள். கான்கிரீட் மேடைமேல் திறந்தவெளிச் சிதை. அவரவர் முறைப்படி மந்திரம், பிரார்த்தனை. சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். ஐம்பத்து மூன்று பேர் அப்படி எரிந்த இடத்தில் வெள்ளைப் பளிங்கில் ‘சத்ரி’ மண்டபம் எழுந்தது. 1921 பிப்ரவரி 1 அன்று திறந்தார்கள். இன்றும் நிற்கிறது.

முஸ்லிம்களின் உடல்கள் வோக்கிங் நகருக்குப் போயின. அங்கே 1889இல் கட்டிய ஷாஜஹான் மசூதி இருந்தது. முஸ்லிம் சிப்பாய்களை அவர்கள் முறைப்படி அடக்கம் செய்வதில்லை என்று ஜெர்மானியர்கள் பிரசாரம் செய்துகொண்டிருந்த நேரம். போதாக்குறைக்குப் பெர்லின் அருகே வுன்ஸ்டார்ஃபில், முஸ்லிம் போர்க்கைதிகளுக்காக ஒரு மர மசூதியே கட்டிக்கொடுத்தார்கள். வோக்கிங் இமாம் சத்ருத்தீனும் முறையான அடக்கத்துக்காக வற்புறுத்தினார். மசூதிக்குக் கொஞ்ச தூரத்தில் வளைவுகளும் குமிழ்மாடமும் வைத்த தனி இடுகாடு உருவானது.

இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தவர்கள், குணமாகி எழுந்து நடந்த சிப்பாய் தனியாக ஊருக்குள் போவதை மட்டும் விரும்பவில்லை. சில மருத்துவமனைகளைச் சுற்றி முள்கம்பியும் காவலும் வந்தன. சாமி கும்பிட இருந்த சுதந்திரம், தெருவில் நடக்க இல்லை.

இன்னொரு ஓட்டையும் இருந்தது, அது நம் பக்கத்து ஓட்டை. பிரைட்டனுக்கு மேற்கே புரோக்கன்ஹர்ஸ்ட் என்ற ஊரில், லேடி ஹார்டிஞ்ச் மருத்துவமனையில் சுகா என்ற துப்புரவுத் தொழிலாளி 1915 ஜனவரியில் இறந்துபோனார். அவர் தீண்டத்தகாதவர் என்று எரிக்க இந்துக்கள் மறுத்தார்கள், முஸ்லிம் இல்லை என்று முஸ்லிம்களும் புதைக்க மறுத்தார்கள் என்று சொல்வதுண்டு. ஒன்பது சமையலறை வைத்த ஏற்பாட்டில் அவருக்கு ஒரு மூலை இல்லை. கடைசியில் உள்ளூர் பாதிரியார் தன் செயின்ட் நிக்கோலஸ் தேவாலயத் தோட்டத்தில் இடம் கொடுத்தாராம். கல்லறை இன்றும் அங்கே இருக்கிறது. அந்த ஊர்க்காரர்கள் காசு போட்டு நட்ட கல்லில், சமயத்தால் இவர் கிறிஸ்தவர் அல்ல என்று வெட்டியிருக்கிறது.