துளியளவு எழுதிய கை

நேயர்களுக்கு வணக்கம்.

சென்ற ஆண்டு என் பழைய மாணவி ஒருத்தி வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்தாள். கொழும்பில் ஒரு வைத்தியசாலையில் சிறுவர் வாட்டில் தாதியாக வேலை செய்கிறாள். "சேர், எங்கட ஊழியர் நிகழ்ச்சியில வைத்தியர் தினத்துக்கு நன்றிக் கவிதை நான்தான் வாசிக்க வேணும். ஒருக்கால் பார்த்துத் தாங்கோ" என்று ஒரு தாளை நீட்டினாள்.

படித்தேன். கண்கண்ட தெய்வம், கருணைக் கடல், சாவை வென்ற சாதனையாளர் என்று இருபது வரி. சொல்லில் பிழை இல்லை. ஆனால் அந்தத் தாளை எந்த ஊரில், எந்த வைத்தியசாலையில் வாசித்தாலும் பொருந்தும். அதுதான் அதில் இருந்த குறை. சாவை வென்றவர் என்ற சொல் எனக்கு வேறு விதத்திலும் உறுத்தியது. முன்வரிசையில் இருக்கும் வைத்தியர் ஒருவர் அதற்கு முதல் நாள்தான் ஒரு நோயாளியை இழந்திருக்கலாம். அவர் காதில் அந்தப் புகழ் எப்படி விழும்?

"பிள்ளை, இதை ஒரு பக்கம் வை. நீ கண்ணால் பார்த்த ஒரு இரவைச் சொல்லு" என்றேன்.

அவள் டெங்கு காலத்து இரவொன்றைச் சொன்னாள். காய்ச்சல் விட்டதும் வீட்டார் ஆறுதல் அடைவார்கள். டெங்குவில் ஆபத்து பல நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. இரத்தக் குழாய்களில் இருந்து நீர்ப்பகுதி வெளியே கசிய ஆரம்பிக்கும். இது 24 முதல் 48 மணித்தியாலம் வரை நீடிக்கும். அந்த நேரத்தில் சேலைன் குறைந்தால் பிள்ளையின் கைகால் குளிர்ந்து, நாடி தளர்ந்து, அதிர்ச்சி நிலைக்குப் போய்விடும். பயந்து கூடுதலாக ஏற்றினாலோ, கசிந்த நீர் நெஞ்சில் தேங்கி மூச்சு முட்டும். அதனால் எவ்வளவு சிறுநீர் போகிறது, இரத்தம் எவ்வளவு தடித்திருக்கிறது, நாடி எப்படி என்று பார்த்துப் பார்த்து அளவை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அன்றிரவு ஓர் இளம் வைத்தியர் ஒரு சிறுவனின் கட்டிலடிக்குத் திரும்பத் திரும்ப வந்தார். ஒவ்வொரு முறையும் பார்த்தார், யோசித்தார், டிக்கட்டில் புதிய அளவை எழுதினார். விடிய, வெளி வாங்கில் இருந்த தாயிடம் போய், மகன் தேறிவிட்டான் என்று அவரே சொன்னார்.

"இதுதான் பிள்ளை உன்ர கவிதை" என்றேன்.

அப்புறம் வடிவம். சபையில் வாசிக்கும் கவிதையைக் கேட்பவர் கையில் தாள் இருக்காது. காதில் ஒருமுறை விழுவதோடு சரி. அதனால் ஓசை பிடித்துக்கொள்கிற அறுசீர் விருத்தத்தை எடுத்தோம். விளம், மா, தேமா என்ற மூன்று சீர் அரை அடி. அதே மூன்று திரும்ப வந்தால் ஓர் அடி. நான்கு அடிக்கும் இரண்டாம் எழுத்து ஒன்றாக வரவேண்டும், அது எதுகை. முதல் சீரும் நான்காம் சீரும் மோனையில் தொட வேண்டும். இலக்கணப் பெயர்கள் பயமுறுத்தினால் விடுங்கள், மேசையில் தட்டிப் பாருங்கள். தட்டு இடறுகிற இடத்தில் சீர் பிழைத்திருக்கும். முதல் அடி இப்படி வந்தது:

துளித்துளி எண்ணி நின்றீர் தூங்கிடா இரவு நேரம்

எனக்குப் பிடித்துப்போயிற்று. அவள் மட்டும் தலையை ஆட்டினாள். "இல்லை சேர், துளி எண்ணுறது நாங்கள். டொக்டர் அளவை எழுதுவார். மணிக்கூட்டைப் பார்த்துத் துளியைச் சரிப்படுத்துறது மிஸ்ஸிமார்."

அவள் சொன்னதுதான் சரி. அந்த மண்டபத்தில் இருக்கப்போகிறவர்கள் எல்லாரும் அந்த வேலையைச் செய்பவர்கள். ஒரு தகவல் பிழைத்தால், மிச்சம் எல்லாம் சும்மா முகத்துக்குச் சொல்வது என்றுதான் அவர்களுக்குத் தோன்றும். ஓசையைக் குலைக்காமல் இரண்டு சீர்களை மாற்றினோம்:

துளியள வெழுதி நின்றீர் தூங்கிடா இரவு நேரம்
ஒளிகுறை வாட்டின் ஓரம் ஓய்வினை மறந்து காத்தீர்
வெளியிலே தாயி ருந்தாள் விழியிமை மூட வில்லை
தெளிவுடன் காலை சொன்னீர் தேறினான் பிள்ளை என்றே

இதில் வைத்தியரைப் புகழ்கிற சொல் ஒன்றுகூட இல்லை. அவர் செய்தது மட்டும்தான் இருக்கிறது. பெயரும் வேண்டுமென்றே இல்லை. ஒரு வைத்தியரின் பெயரைச் சொன்னால் அதே இரவுகளைக் கழித்த மற்றவர்கள் மனம் சுருங்கும். சிறுவனின் பெயர், ஊர், கட்டில் இலக்கம், திகதி எதுவும் வரக்கூடாது என்று அவளே சொல்லிவிட்டாள். நோயாளியின் கதை வாட்டுக்கு வெளியே அடையாளத்தோடு போகக்கூடாது, அது நன்றிக் கவிதையாக இருந்தாலும்.

சரி, துளி எண்ணியவர்களை என்ன செய்வது? விழா வைத்தியர்களுக்குத்தான். ஆனாலும் அவர்களை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. வள்ளுவர் மருந்து அதிகாரத்தை முடிக்கிற இடம் அப்போது நினைவுக்கு வந்தது, 950ஆம் குறள்:

உற்றவன் தீர்ப்பான் மருந்துழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து.

நோயாளி, வைத்தியர், மருந்து, உழைச்செல்வான் என்ற நால்வகையும் சேர்ந்ததுதான் மருத்துவம். உழைச்செல்வான் என்றால் பக்கத்தில் நின்று பணிசெய்பவர். எங்கள் முதல் பாட்டிலே நோயாளி இருக்கிறான், தீர்ப்பவர் இருக்கிறார், மருந்து துளியாக இருக்கிறது. நாலாவது ஆள்தான் இல்லை. அவர் வைத்தியரின் நன்றியைப் பங்குபோட வரவில்லை. எழுதிய அளவு பிள்ளையின் உடம்புக்குள் போனது அவர் கையால் என்பதால் வருகிறார். அவருக்காக இரண்டாம் பாட்டை எழுதினோம். அதன் முதல் இரண்டு அடி:

எண்ணிய கைகள் வேறு எழுதிய கைகள் வேறு
எண்ணமோ ஒன்று தானே ஏந்திய பிள்ளை வாழ

முதலில் வரும் எண்ணிய என்பது துளியை எண்ணியது. அடுத்த அடியின் எண்ணம் மனத்தில் இருப்பது. வாசிக்கும்போது இரண்டுக்கும் நடுவில் ஒரு மூச்சு விடவேண்டும், இல்லாவிட்டால் சபைக்கு வித்தியாசம் பிடிபடாது. கவியரங்க வழக்கப்படி ஒவ்வொரு பாட்டின் முதல் அடியையும் இருமுறை சொல்லச் சொன்னேன். மொத்தம் நான்கு பாட்டு. வீட்டில் மணிக்கூட்டை வைத்து வாசித்துப் பார்த்தபோது மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது.

சபையில் பாதிப்பேர் சிங்களம் பேசுபவர்கள். வரிக்கு வரி மொழிபெயர்த்தால் ஓசை உடைந்துவிடும். அதனால் கவிதைக்கு முன்பே அந்த இரவின் கதையைச் சிங்களத்தில் நான்கு வசனமாக அவள் சொன்னாள். பிறகு தமிழில் தடையில்லாமல் வாசித்தாள். கதை ஏற்கெனவே தெரிந்திருந்ததால் அவர்களும் ஓசையோடு கூட வந்தார்களாம். "தேறினான் பிள்ளை" என்ற இடம் வந்தபோது, தமிழ் தெரியாத மேற்றனும் தலையசைத்ததாக அடுத்த நாள் தொலைபேசியில் சொன்னாள்.

அந்தத் தாள் இப்போது அவர்களின் வாட்டு மேசைக் கண்ணாடிக்கடியில் இருக்கிறதாம். முதல் அடியில் "துளியள வெழுதி" என்பதற்குக் கீழே யாரோ பேனையால் ஒரு கோடு போட்டிருக்கிறார்கள்.

நன்றி, வணக்கம்.