படத்தில் மீனின் கண்ணை மட்டும் பார்த்து வாங்காதீர்கள் | திருகோணமலை மீன் சந்தை

வணக்கம் மக்களே. போன வீடியோவுக்குக் கீழே நிறையப் பேர் கேட்டிருந்த ஒரு விஷயத்தைத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். இப்போது வியாபாரிகள் காலையிலேயே மீனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள், வவுனியாவிலும் கண்டியிலும் இருப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் சொல்லி வைக்கிறார்கள். அந்தப் படத்தை வைத்து உடன் மீனா பழைய மீனா என்று கண்டுபிடிக்கலாமா? ஓரளவுக்குக் கண்டுபிடிக்கலாம். ஆனால் எல்லாரும் முதலில் பார்க்கிற இடம் இருக்கிறதே, கண், அதுதான் படத்தில் அதிகம் ஏமாற்றுகிற இடம்.

இதோ திரையில் இரண்டு பாரை. இரண்டும் ஒரே சந்தையில், ஒரே காலையில், பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் எடுத்தது. இடது பக்கத்துப் பாரையின் கண் பளபளவென்று இருக்கிறது, செவுளும் நல்ல சிவப்பு. வலது பக்கத்துப் பாரையின் கண்ணில் பால் ஊற்றினது போல ஒரு மங்கல், செவுள் கொஞ்சம் வெளிறி இருக்கிறது. எதை வாங்குவீர்கள்? பெரும்பாலானோர் இடதைத்தான் சொல்வீர்கள். சரி, கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் அந்தச் சிவப்பு. படத்தின் மேல் மூலையைப் பெரிதாக்கிப் பாருங்கள், கடைக்கு மேலே சிவப்புக் குடை விரித்திருக்கிறது. வெயில் அந்தத் துணிக்குள்ளால் வரும்போது சிவப்பாகித்தான் மீனில் விழுகிறது. அந்த வெளிச்சத்தில் பழுப்புச் செவுளும் சிவப்பாகத்தான் தெரியும். நீலத் தறப்பாள் என்றால் இதற்கு நேர்மாறு, நல்ல செவுளையும் கறுத்த மாதிரிக் காட்டிவிடும். அதோடு இப்போதைய போன்கள் நிறத்தைத் தாங்களாகவே தூக்கியும் கொடுக்கின்றன. அதனால் வியாபாரியிடம் ஒன்று கேளுங்கள்: மீனுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, நிழலில், ஃபிளாஷ் போடாமல் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் அந்தத் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் செவுளின் நிறத்தையும் நம்பலாம். தாளே ரோஸ் நிறத்தில் தெரிந்தால் அந்தச் சிவப்பு குடையின் சிவப்பு.

இடது பாரையை அப்படித் திருப்பி எடுத்த படம் இது. பாருங்கள், செவுள் பழுப்பு. இரத்தத்தின் சிவப்பு காற்றுப் பட்டு, நேரம் போகப் போகத் தன்பாட்டில் பழுப்பாகிவிடும். ஆனால் நிறத்தை விட நான் அதிகம் நம்புவது வேறு ஒன்றை. செவுளுக்குள் மெல்லிய இழைகள் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இருக்கும். உடன் மீனில் அவை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும், மேலே இருக்கிற வழுவழுப்பு தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். மீன் பழசானால் அந்த வழுவழுப்பு தடித்து, மங்கி, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக் கொள்ளும். குடையின் நிறம் எதுவாக இருந்தாலும் இதை மறைக்க முடியாது. இடது பாரையில் இழைகள் கட்டியாக ஒட்டிக் கிடக்கின்றன. வலது பாரையில் வெளிறியிருந்தாலும் எண்ணலாம் போலப் பிரிந்து நிற்கின்றன.

அப்படியென்றால் வலது பாரையின் கண் ஏன் மங்கியது? ஐஸ். சீனன்குடாத் துறைமுகத்துக்கு வருகிற பலநாள் படகுகளில் மீன் ஐஸுக்குள்தான் கிடந்து வருகிறது. கண் நேரே ஐஸில் பட்டுக் கிடந்தாலோ, உருகின நல்ல தண்ணீர் அதில் ஊறினாலோ, மீன் நன்றாக இருந்தாலும் கண் வெளுத்துவிடும். செவுள் வெளிறுவதும் அதே தண்ணீர் இரத்தத்தைக் கழுவிவிடுவதால்தான். இதைப் பிரித்தறிய ஒரு வழி, மீனைத் திருப்பி மற்றக் கண்ணையும் படம் எடுக்கச் சொல்வது. வலது பாரையின் மறு கண் தெளிவாக இருந்தது. அந்த ஒரு பக்கம்தான் ஐஸில் பட்டிருக்கிறது. இரண்டு கண்ணும் மங்கி, உள்ளுக்கும் போயிருந்தால் கதை வேறு.

உள்ளுக்குப் போயிருக்கிறதா என்பதை மேலிருந்து எடுத்த படத்தில் பார்க்க முடியாது. மீனின் மூக்குப் பக்கமாக, கண் மட்டத்தில் போனை வைத்து எடுக்க வேண்டும். உடன் மீனின் கண் வெளியே புடைத்து நிற்கும், பிறகு தட்டையாகும், கடைசியில் நடுவில் குழி விழும். இடது பாரையின் பளபளப்பான கண்ணை இப்படி எடுத்தபோது குழி தெரிந்தது. பிறகு அந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது? படம் எடுக்க முதல் ஒரு வாளித் தண்ணீர் அள்ளித் தெளித்தால் எந்தக் கண்ணும் மின்னும். அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், வெயிலுக்கு எல்லாக் கடையிலும் தெளிக்கத்தான் செய்வார்கள். ஒரு எச்சரிக்கை: ஆழத்திலிருந்து வேகமாக இழுத்த மீனுக்கு அமுக்கம் மாறுவதால் கண் பிதுங்கி நிற்கும். அது வேறு புடைப்பு, அதைப் பார்த்து உடன் மீன் என்று முடிவெடுக்க வேண்டாம்.

தோலைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பாரைக்கு உடம்பில் ஒரு மினுக்கம் இருக்கும், போனைச் சாய்த்தால் நிறம் மாறும். அது போய்ச் சாம்பல் பூத்து, வழுவழுப்பு பாலாக மாறியிருந்தால் விட்டுவிடுங்கள். நிலைப்படத்தை விட ஐந்து விநாடி வீடியோ இதற்கு நல்லது.

மீன் ஆராய்ச்சிக்காரர்களும் கிட்டத்தட்ட இப்படித்தான் பார்க்கிறார்கள். 1980களில் ஆஸ்திரேலியாவின் தஸ்மேனியாவில் தொடங்கின ஒரு முறையில் கண், செவுள், தோல் என்று ஒவ்வொன்றுக்கும் 0 இலிருந்து 3 வரை குறைப்புள்ளி போட்டுக் கூட்டுவார்கள், 0 என்றால் உடன் மீன். எந்த ஒரு அடையாளமும் தனியே முடிவு சொல்லாது என்பதுதான் அதன் சூட்சுமம். அதே போக்கில் நானும் இந்தப் பாரைகளுக்குப் போட்டுப் பார்த்தேன். வலதுக்குக் கண்ணில் 1, செவுளில் 1, தோலில் 0. இடதுக்குக் கண்ணில் 2, செவுளில் 3, தோலில் 2. நான் வலதை வாங்கினேன்.

சாளை மாதிரிச் சின்ன மீனுக்கு இது சரிவராது. செவுள் படத்தில் தெரியவே தெரியாது, கண்ணும் சீக்கிரம் இரத்தம் கட்டிச் சிவந்துவிடும். அதற்கு வயிற்றைப் பாருங்கள், வயிறு வெடித்து உள்ளே இருப்பது எட்டிப் பார்த்தால் வேண்டாம்.

சூரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சூரை, கும்பளா போன்றவை சரியான குளிரில் இல்லாமல் வெயிலில் கிடந்தால் சதையில் ஹிஸ்டமின் சேரும். சாப்பிட்டவுடனேயே முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலையிடிக்கும். கொதிக்க வைத்தாலும் பொரித்தாலும் அது அழியாது. கண்ணிலோ செவுளிலோ அது தெரிய வேண்டும் என்றும் இல்லை, சில நேரம் மணமும் வராது. அதனால் சூரைக்கு நான் படமே கேட்பதில்லை. "அண்ணா, இறக்கின நேரத்தில் இருந்து ஐஸுக்குள்தான் இருக்கிறதா, பெட்டியைத் திறந்து காட்டுங்கள்" என்று வீடியோ கோலில் கேட்பேன். மேசையில் சும்மா கிடக்கிற சூரை எவ்வளவு மின்னினாலும் எனக்கு வேண்டாம்.