மாட்டை விற்க வேண்டாம்: ஒரு பழைய கார்டும் ஒரு சிறுகதையும்

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் தெலுக் இந்தானிலிருந்து பேசுகிறேன். வெளியே நல்ல மழை. தகரக் கூரைச் சத்தம் மைக்கில் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சாய்ந்த கோபுரமும் இல்லை, சாப்பாட்டுக் கடையும் இல்லை. ஒரு பழைய போஸ்ட் கார்டும் அதை வைத்து நான் எழுதிய கதையும்தான்.

கார்டைத் திரையில் போடுகிறேன், பாருங்கள். இந்தியாவிலிருந்து இங்கே ஒரு தோட்டத்துக்கு வந்தது. ரப்பரை அழித்துச் செம்பனை போட்டு, லயங்களையும் உடைத்தபோது டவுனுக்குக் குடிவந்த ஒரு குடும்பத்திடம் இருக்கிறது. அந்த வீட்டுப் பேரன் போனில் படம் பிடித்து அனுப்பினார். பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டேன். கதையில் வருகிற ஆட்களும் நடப்பும் என் கற்பனை. கார்டில் படிக்க முடிந்த வரிகள் மட்டும் நிஜம்.

முதலில் வந்த படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. வாட்சாப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், மங்கிய எழுத்தெல்லாம் அதில் கரைந்துபோகும். அதனால் டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னேன். பிளாஷ் வேண்டாம், ஜன்னல் பக்கம் வைத்து, வெளிச்சம் ஓரமாக விழும்படி எடுங்கள் என்றும் சொன்னேன். இரண்டு பக்கமும் வந்தது.

எழுதியவர் ஊற்றுப்பேனாவில் நீல மையால் எழுதியிருக்கிறார். காகிதம் பழுத்து மஞ்சளாகிவிட்டது, மை வெளிறிவிட்டது. இந்த மாதிரிப் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களாகப் பிரித்துப் பார்க்கலாம். போட்டோ எடிட் செய்கிற புரோகிராம்கள் பலவற்றில் அந்த வசதி இருக்கிறது. நீல மை சிவப்பு வெளிச்சத்தை விழுங்கிவிடும், மஞ்சள் காகிதம் அதைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் சிவப்புப் படத்தில் காகிதம் வெளுத்து நிற்கும், எழுத்து கொஞ்சம் கறுத்துக் காட்டும். இதோ, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறேன். இடது பக்கம் வெறும் கறை மாதிரி இருந்தது, வலது பக்கம் 'நலம், நலமறிய ஆவல்' என்று வந்துவிட்டது.

இதற்கும் எல்லை உண்டு. கீழே வலது மூலையில் தண்ணீர் பட்டு மை கழுவிப்போன இடத்தில் எதைச் செய்தாலும் எதுவும் வராது. கறுப்பை ரொம்ப ஏற்றினால் காகிதத்துக் கறையெல்லாம் எழுத்து மாதிரி எழுந்து நிற்கும். நாமே ஆசைப்பட்டு அதைப் படித்துவிடுவோம்.

அப்படி மாட்டிக்கொள்ளக்கூடிய ஓர் இடம்தான் இந்தக் கார்டின் உயிர். மூன்றாவது வரியைப் பாருங்கள். 'மாட்டை விற்க வேண்' வரைக்கும் தெளிவு. அடுத்த எழுத்தின் மேல் ஒரு பழுப்புக் கறை. வேண்டாமா, வேண்டுமா? ஓர் எழுத்தில் ஒரு குடும்பத்தின் நிலைமையே மாறிவிடும். விற்கச் சொன்னால், எழுதியவர் இந்தியாவிலிருந்து திரும்பி வரப்போவதில்லை. விற்காதே என்றால் வருகிற எண்ணம் இருக்கிறது.

இந்த மாதிரி இடத்தில் ஊகிக்கக் கூடாது. அதே கை அதே கார்டில் வேறு எங்கே அந்த எழுத்தை எழுதியிருக்கிறது என்று தேட வேண்டும். 'கவலைப்படாதே' என்பதில் 'டா' இருக்கிறது. 'வீடு' என்பதில் 'டு' இருக்கிறது. இவருடைய 'டு' கீழே இறங்கி வாலைச் சுழிக்கிறது. இவருடைய 'டா'வில் கால் கொஞ்சம் தள்ளி, தனியாக நிற்கிறது. கறைக்கு வெளியே, 'ம்'முக்கு முன்னால், அந்தத் தனிக் கால் தெரிகிறது பாருங்கள். கீழே வால் இல்லை. ஆக, வேண்டாம்.

சரி, காலம் எது? ஸ்டாம்பில் ஒரு பெண் தேயிலைக் கொழுந்து கிள்ளுகிறாள், 15 பைசா. 1965-இலிருந்து இந்தியா வெளியிட்ட வரிசையில் வந்தது. கொழுந்து கிள்ளுகிறவள் படம் ஒட்டி, ரப்பர்ப் பால் எடுக்க மரம் வெட்டுகிற ஒருத்திக்குக் கார்டு வந்திருக்கிறது. எனக்கு அதைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றிவிட்டது. பக்கத்தில் இன்னொரு ஸ்டாம்ப் இருந்து உரிந்துபோன பசைத் தடம் தெரிகிறது. முத்திரையில் ஆண்டின் இடத்தில் ஒரு 7 மட்டும் மிச்சம். அனுப்பியவர் முகவரியில் பின்கோடு இல்லை. அது 1972 ஆகஸ்ட் 15-இல்தான் வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் பின்கோடு போடாமல் எழுதியவர்கள் நிறைய பேர், அதனால் அதை மட்டும் நம்ப முடியாது. இங்கே முகவரியில் 'தெலுக் அன்சன்' என்று இருக்கிறது. 1982-இல்தான் இந்த ஊர் தெலுக் இந்தான் ஆனது.

நெருங்கிப் பிடித்துக் கொடுப்பது மூன்றாவது வரிக்கு மேலே இருக்கிற 'பெர்மிட்' என்ற சொல். 1968-இல் வந்த சட்டப்படி குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும். 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களின் அடையாள அட்டையான சிவப்பு ஐசியோடு தோட்டத்தில் காலம் தள்ளிய ஆயிரக்கணக்கானவர்கள் கப்பல் ஏறினார்கள். ஒரே வீட்டில் ஒருவருக்கு நீல ஐசி, இன்னொருவருக்குச் சிவப்பு. 'ரஜூலா' என்ற பெயரும் கார்டில் இருக்கிறது. பினாங்கிலிருந்தும் போர்ட் சுவெட்டன்ஹாமிலிருந்தும் நாகப்பட்டினம், மெட்ராஸ் போன கப்பல், 1970-களின் தொடக்கம் வரைக்கும் ஓடியது.

கதைக்கு வழி திறந்தது வேறொரு விஷயம். கார்டுக்கு உறை கிடையாது. தோட்டத்துக்கு வருகிற தபால் ஆபீசுக்கு வரும், ஆபீஸ் கணக்கரான கிராணி கையிலிருந்துதான் ஆளுக்குப் போகும். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துச் சொல்வதும் அவர்தான். அப்படியானால் இந்த 'வேண்டாம்' முதலில் யார் கண்ணில் பட்டிருக்கும்? அந்தக் கேள்வியிலிருந்து கதை. இனி வாசிக்கிறேன்.

ஸ்டோரில் பால் நிறுத்து முடிந்ததும் அஞ்சலை ஆபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். விரல்களில் காய்ந்த பால் கறுத்துத் தோலோடு ஒட்டியிருந்தது. கிராணி கார்டைத் தூக்கிக் காட்டினார்.

"உன் வீட்டுக்காரர் எழுதியிருக்கார்."

"படிங்க ஐயா."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். நலம், நலமறிய ஆவல். ரஜூலாவில் வாந்தி எடுத்துக்கொண்டே வந்து நாகப்பட்டினத்தில் இறங்கினேன். வீடு ஒழுகுகிறது. பெர்மிட் பற்றித் துரையிடம் இன்னொரு தரம் கேட்டுப் பார்.

அங்கே நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்புறம் ஐயா?"

"அப்புறம் என்ன, கவலைப்படாதேன்னு எழுதியிருக்கார். அவ்வளவுதான்."

மாடு கிராணி வீட்டுக் கொல்லையில் நின்றது. கப்பல் போன மாதமே கடைக்காரர் கடனுக்கு நெருக்கினார். அப்போது கிராணிதான் வந்து, "போனவன் எங்கே திரும்பி வரப்போறான், நீ ஒத்தையா மாட்டை வச்சு என்ன பண்ணப்போறே" என்று எண்பது வெள்ளியை எண்ணி வைத்தார். சினை மாடு. இரண்டு மடங்கு கொடுக்கலாம்.

ராத்திரி மண்ணெண்ணெய் விளக்கடியில் மகன் முனியன் கார்டை எடுத்தான். தோட்டத்துப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. எழுத்துக்கூட்டிப் படித்தால்தான் அவனுக்கு வரும். அஞ்சலை சோறு கிளறிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். வாந்திக்குச் சிரித்தான். பெர்மிட்டைத் திக்கித் திக்கித் தாண்டினான்.

"மா... மாட்டை... விற்க... வேண்டாம்."

அகப்பை நின்றது. "இன்னொரு தரம் படி."

படித்தான்.

"வேணுமா, வேணாமாடா? பார்த்துச் சொல்லு."

"வேண்டாம்தான்மா. டா போட்டிருக்கு. பாரு, கால் இருக்கு."

அவளுக்குக் கால் எது என்று தெரியாது. அவன் விரல் வைத்த இடத்தில் தன் விரலையும் வைத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் பால் கறை ஒட்டிக்கொண்டது.

விடிவதற்கு முன்னால் பெரட்டுக் களத்தில் எல்லாரும் நின்றார்கள். மண்டோர் பெயர்ப் புத்தகத்தைத் திறக்கும் முன் அஞ்சலை வரிசையை விட்டு வெளியே வந்து, கிராணியின் விளக்குப் பக்கம் கார்டை நீட்டினாள்.

"ஐயா, நேத்து ஒரு வரி விட்டுப்போச்சு. கண்ணாடி போட்டுப் படிங்க."

"வேலை நேரத்துல என்னம்மா..."

"ஒரே வரிதான் ஐயா."

நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராணி படித்தார். குரல் இறங்கியதால், பின்னால் நின்ற கிழவர் ஒருவர் சத்தமாகப் படிக்கச் சொன்னார். மறுபடியும் படித்தார்.

"உங்க எண்பது வெள்ளியைச் சம்பளத்துல மாசம் அஞ்சு அஞ்சா பிடிச்சுக்குங்க. மாட்டை இன்னிக்குச் சாயங்காலம் வந்து ஓட்டிக்கிட்டுப் போறேன்," என்றாள் அஞ்சலை. நடந்துபோனவள் திரும்பினாள். "நடுவுல கன்னு போட்டுடுச்சுன்னா அதுவும் எனக்குத்தான் ஐயா."

கதை அவ்வளவுதான்.

அவர் திரும்பி வந்தாரா என்று கேட்பீர்கள். கதையில் நான் அதைத் தொடவில்லை. கார்டு அந்தப் பக்கம் போகவில்லை, கழுவிப்போன மூலையில் என் இஷ்டத்துக்கு ஒரு முடிவை எழுதி ஒட்ட எனக்கு மனமில்லை. அந்தக் கறைக்கு நான் சொன்ன காரணம் என் கைவேலை. நிஜத்தில் அது டீயாகக்கூட இருக்கலாம். ஆனால் கரெக்டாக அந்த எழுத்தின் மேல் விழுந்த கறைக்கு ஒரு விரலைக் கொடுக்காமல் விட எந்தக் கதைக்காரனாலும் முடியாது. கிராணியைக் கெட்டவனாகவே எழுதிவிட்டாய் என்று இதைப் படித்த ஒரு நண்பர் குறைப்பட்டார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கார்டைக் கிழித்துப் போட்டிருக்கலாம், அவர் போடவில்லை. அவள் கையில் கொடுத்துவிட்டார். ஒரு வரியை முழுங்கியதோடு சரி.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கார்டு கிடந்தால் இரண்டு விஷயம் செய்யாதீர்கள். லேமினேட் பண்ணாதீர்கள், பிறகு பிரிக்க முடியாது. மங்கின எழுத்தின் மேல் பேனாவால் திருப்பி எழுதாதீர்கள். இந்தக் கார்டிலேயே யாரோ முகவரியின் முதல் வரியில் அப்படிச் செய்து பாதியில் நிறுத்தியிருக்கிறார்கள். அந்த வரியில் அவர் கை எது, மற்றவர் கை எது என்று இனி யாராலும் பிரிக்க முடியாது. நல்ல வேளை, அவர் மூன்றாவது வரி வரைக்கும் வரவில்லை.